அறையில் செய்கிறான், வீட்டில் செய்வதில்லை: டிக் உள்ள குழந்தைக்கான ஹாபிட் ரிவர்சல் பயிற்சியில் அம்மாவின் வேலை

கேள்வி: "புதுச்சேரியில் ஒரு குழந்தைகள் மையத்தில் சிகிச்சையாளராக இருக்கிறேன். 10 வயதுப் பையன். இரண்டு வருடமாகக் கழுத்தை வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்புகிறான். நரம்பியல் மருத்துவர் பார்த்து, நாள்பட்ட டிக் கோளாறு என்று சொல்லி ஹாபிட் ரிவர்சல் பயிற்சிக்கு என்னிடம் அனுப்பினார். முதல் அமர்வில் கழுத்துக்கு மாற்று அசைவு சொல்லிக் கொடுத்தேன். என் அறையில் அழகாகச் செய்கிறான், வீட்டில் செய்வதே இல்லை. அம்மா நாள் முழுக்க ஞாபகப்படுத்துகிறார், ஆனாலும் அதிகமாகிவிட்டது என்கிறார். எங்கே தவறு? பெற்றோரை எந்த அளவுக்கு இதில் சேர்ப்பது?"

பதில்:

"நாள் முழுக்க" என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. கடலூரில் மருத்துவ உளவியலாளராகப் பதினான்கு வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கிறேன். ஆரம்ப காலத்தில் நானும் ஒரு அம்மாவிடம், "வீட்டுல கொஞ்சம் ஞாபகப்படுத்துங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எப்போது, எத்தனை தடவை, என்ன வார்த்தையில் என்று எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அந்தக் குழந்தை வீட்டில் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டிக்கை முடித்துவிட்டு வெளியே வர ஆரம்பித்திருந்தது. அந்த அம்மா நான் சொன்னதைத்தான் செய்தார். அரைகுறையாகச் சொன்னது நான்.

அதனால் உங்கள் பையனின் அம்மா "அதிகமாகிவிட்டது" என்று சொல்வதை நான் அப்படியே நம்புவேன். டிக்கைப் பற்றிப் பேசினாலே பல குழந்தைகளுக்கு டிக் கூடும். இது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். இன்னொன்றும் உண்டு. பயிற்சி தொடங்கும் முன்புவரை அந்த அம்மா பாதி டிக்கைக் கவனித்திருக்க மாட்டார். இப்போது ஒவ்வொன்றையும் எண்ணுகிறார். இந்த இரண்டில் எது என்று பேச்சை வைத்துப் பிரிக்க முடியாது, எண்ணிக்கை வேண்டும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நேதன் அஸ்ரினும் கிரிகரி நன்னும் 1973-ல் இந்த முறையை வெளியிட்டபோது அதில் பல பகுதிகள் இருந்தன. பிறகு வந்தவர்கள் அதைச் சுருக்கி மூன்றை முக்கியமாக வைத்துக்கொண்டார்கள்: குழந்தை தன் டிக்கைத் தானே கண்டுபிடிக்கப் பழகுவது, அந்த நேரத்தில் செய்ய ஒரு மாற்றுச் செயல், வீட்டில் துணையாக ஒருவர். இப்போது நாம் சிபிட் என்று சொல்லும் விரிந்த சிகிச்சையில், டிக்கைச் சுற்றி வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்து மாற்றுவதும் சேர்ந்தது. நீங்கள் நேராக நடுவில் இருக்கும் மாற்றுச் செயலுக்குப் போய்விட்டீர்கள். அறையில் அவன் செய்வதற்குக் காரணம், நீங்கள் எதிரே உட்கார்ந்து அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். அவனுக்குப் பதிலாக உங்கள் கண் வேலை செய்கிறது. வீட்டில் அந்த வேலை அம்மாவின் வாய்க்குப் போய்விட்டது.

இதே மாதிரிக் கழுத்து டிக்கோடு என்னிடம் வந்த ஒரு பையனை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடலூர்ப் பக்கம், ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு வெல்டிங் பட்டறை, அம்மா வீட்டில், கூடவே பாட்டி, அவனுக்கு ஆயா. கழுத்து டிக் தவிர கண் சிமிட்டலும் இருந்தது. எது ரொம்பத் தொந்தரவு என்று அவனிடமே கேட்டேன். பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொன்னேன். கழுத்துக்கு எட்டு, கண்ணுக்கு மூன்று. அம்மாவுக்குக் கண்தான் பெரிய கவலை, போட்டோவில் தெரிகிறதாம். நான் கழுத்தை எடுத்தேன். ஒரு நேரத்தில் ஒரு டிக், அதுவும் பிள்ளைக்குத் தொந்தரவாக இருப்பது. இல்லாவிட்டால் உழைக்க அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?

முதல் வேலை, அந்த டிக்கை நிதானமாகத் துண்டு துண்டாகச் சொல்ல வைப்பது. "கழுத்து திரும்புது" என்று ஒரே வரியில் முடித்தான். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து மெதுவாகச் செய்துகாட்டச் சொன்னபோது வேறு கதை வந்தது. முதலில் வலது தோள் லேசாக ஏறுகிறது, அடுத்து தாடை முன்னால் வருகிறது, கடைசியில்தான் தலை இடது பக்கம் வெட்டுகிறது. அப்படியானால் தோள் ஏறுவது அவனுக்கு மணி அடித்த மாதிரி. அதற்கும் முன்னால் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "பின்னாடி காலர் குத்துற மாதிரி இருக்கும் சார், திருப்புனா போயிடும்" என்றான். இதுதான் நாம் தேடும் முன்னுணர்வு. பத்து வயதுக்குக் கீழே நிறையப் பிள்ளைகளால் இதைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், தோள் அசைவு மாதிரி வெளியே தெரியும் அடையாளம் ஒன்று போதும்.

அப்புறம் பிடிக்கிற விளையாட்டு. முதலில் நான் பேசிக்கொண்டே நடுநடுவே அவன் டிக்கை நடித்தேன், அவன் விரலைத் தூக்க வேண்டும். என்னைப் பிடிப்பதில் அவனுக்கு அவ்வளவு குஷி. பிறகு கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டே தன்னுடையதைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தால் "ம், சரி" என்பேன். விட்டுவிட்டால், "இப்ப ஒண்ணு வந்துச்சுல்ல" என்று சாதாரணக் குரலில் சொல்வேன். முதல் பத்து நிமிடத்தில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை. ஐந்தில் நான்கைத் தானாகப் பிடிக்கும்வரை மாற்றுச் செயலுக்குப் போகக் கூடாது. அவனுக்கு அது ஒரு முழு அமர்வையும் அடுத்ததில் கால் மணி நேரத்தையும் எடுத்தது. உங்கள் பையனிடம் நாளைக்கே இதைச் சோதித்துப் பாருங்கள். நீங்கள் நோட்டில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் எண்ணுங்கள். ஐந்தில் ஒன்றோ இரண்டோதான் பிடிக்கிறான் என்றால், வீட்டில் ஏன் நடக்கவில்லை என்பதற்குப் பாதி விடை கையில் வந்துவிட்டது.

மாற்றுச் செயல் என்பது டிக்கும் அதுவும் ஒரே சமயத்தில் நடக்கவே முடியாதபடி இருக்க வேண்டும், டிக்கைவிடக் கண்ணில் படாததாக இருக்க வேண்டும், கையில் பொருள் எதுவும் இல்லாமல் எங்கேயும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கழுத்துக்கு நான் வழக்கமாகத் தொடங்குவது இப்படி: தோள் இரண்டையும் கீழே இறக்கி, தாடையை ஒரு விரல் அளவு உள்ளே இழுத்து, நேராகப் பார்த்தபடி கழுத்துத் தசையை மெதுவாக இறுக்குவது. மூச்சு சாதாரணமாகப் போய்வர வேண்டும். உந்துதல் வந்ததும் தொடங்கி ஒரு நிமிடம், அல்லது உந்துதல் அடங்கும்வரை, இரண்டில் எது அதிகமோ அதுவரை பிடிக்க வேண்டும். முந்திக்கொண்டு டிக் வந்துவிட்டால் பரவாயில்லை, அது முடிந்த கையோடு தொடங்கி அதே அளவு பிடிக்க வேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, பிள்ளைகள் முழு பலத்தோடு இறுக்குவார்கள். மறுநாள் கழுத்து வலி, தலைவலி என்று வரும், அதோடு விட்டுவிடுவார்கள். "தலைல ஒரு புத்தகத்தை வச்சுக்கிட்டு நடக்கிற அளவுக்குப் போதும்" என்று சொன்னால் பலருக்கும் அளவு பிடிபடுகிறது. இன்னொன்று, அசையாமல் உட்கார்ந்து மட்டும் பழகுவது. வாய் பேசிக்கொண்டே, எழுதிக்கொண்டே, நடந்துகொண்டே செய்ய வராத மாற்றுச் செயல் அறையைத் தாண்டாது. அமர்விலேயே அரை மணி நேரம் கதை பேசிக்கொண்டும் பல்லாங்குழி ஆடிக்கொண்டும் பழக்குங்கள். புதுச்சேரியில் உங்களுக்கு நல்ல வசதி ஒன்று இருக்கிறது. சாயந்திரம் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலையில் அம்மாவும் பையனும் காந்தி சிலைவரை பேசிக்கொண்டே நடந்து பழகலாம். கூட்டமும் இருக்கும், யாரும் இவனைப் பார்த்துக்கொண்டும் இருக்க மாட்டார்கள்.

இனி அம்மா. என்னிடம் வந்த அந்தப் பையனின் அம்மாவிடம் முதல் வாரம் நான் கேட்டது எண்ணிக்கை மட்டும். அவனிடம் எதுவும் சொல்லாமல், தினமும் 15 நிமிடம் வீட்டுப்பாட நேரத்திலும் 15 நிமிடம் வெளியே விளையாடும்போதும் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட வேண்டும். கூடவே ஒவ்வொரு நாளும், டிக் வந்தவுடன் வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி. விளையாட்டில் எண்ணிக்கை பத்தைத் தாண்டவே இல்லை. வீட்டுப்பாடத்தில் முப்பதுக்குக் குறையவில்லை. அந்த ஒரு வரிகளில்தான் சரக்கு இருந்தது. கணக்குப் போட உட்கார்ந்து பத்து நிமிடத்தில் டிக் கூடுகிறது. அம்மா இரண்டு தடவை "ஆட்டாதடா" என்கிறார். மூன்றாவது தடவை மனது கேட்காமல், "சரி விடு, போய் டிவி பாரு" என்கிறார். பட்டறையிலிருந்து வந்த அப்பா தைலம் தேய்த்துக் கழுத்தைப் பிடித்துவிடுகிறார். ஆயா, கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறார்.

இதைப் படித்துவிட்டுப் பெற்றோரிடம் "நீங்கதான் வளர்த்துவிட்டீர்கள்" என்ற தொனியில் பேசினால் அடுத்த வாரம் வர மாட்டார்கள், அது உண்மையும் இல்லை. டிக் மூளையின் இயக்கத்திலிருந்து வருவது, பரம்பரையும் உண்டு, வளர்ப்பால் வந்ததல்ல. ஆனால் வந்த டிக் எந்த நேரத்தில் அதிகம் வரும் என்பதைச் சுற்றியிருப்பவை மாற்றும். அவன் நடிக்கவும் இல்லை, வேண்டுமென்று செய்யவும் இல்லை. இதை முதலில் அழுத்திச் சொல்லிவிட்டு, மூவரும் செய்வதை நிறுத்தச் சொல்லாமல் நேரத்தை மட்டும் மாற்றினேன். வீட்டுப்பாடம் 20 நிமிடம், பிறகு 5 நிமிட இடைவேளை, பிறகு 20 நிமிடம். டிக் வந்தாலும் வராவிட்டாலும் கடிகாரப்படிதான் இடைவேளை. அப்பாவின் தைலம் தினமும் படுக்கும் முன்பு. சுற்றிப் போடுவது வெள்ளிக்கிழமை, அவனுக்கு மட்டுமில்லாமல் வீட்டில் எல்லாருக்கும். ஆயாவுக்கு இதில் வருத்தமே இல்லை. திட்டும் கரிசனமும் இரண்டுமே டிக்குக்குக் கிடைக்கும் பதில்தான் என்பதைப் புரியவைக்க அப்பாவுக்குத்தான் அதிக நேரம் ஆனது. திட்டுவது தப்பு என்று அவருக்குத் தெரியும், கழுத்தைப் பிடித்துவிடுவது எப்படித் தப்பாகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அது தப்பே இல்லை, டிக் வந்தவுடன் என்பதை மட்டும் கழற்றிவிடுகிறோம் என்றேன்.

ஞாபகப்படுத்துவதற்கு ஒரு கூண்டு கட்டுங்கள். வாரத்தில் நான்கு நாள், ஒரு நாளைக்கு அரை மணி நேரம், அதற்குப் பெயர் பயிற்சி நேரம். அந்த அரை மணியில் மட்டும் அம்மா துணை. அவன் தானாக மாற்றுச் செயலைத் தொடங்கியதைப் பார்த்தால், "தோளை இறக்கினதைப் பார்த்தேன், சூப்பர்டா" என்று சொல்லலாம். டிக் வந்தும் அவன் தொடங்காவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கான வார்த்தையை அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். என்னிடம் வந்த பையன் "செல்ஃபி" என்று வைத்தான், செல்ஃபி எடுக்கும்போது தலை நேராக இருக்க வேண்டுமாம். "ஆட்டாதே", "மறுபடியும் வந்துச்சு பார்" இரண்டும் வீட்டில் தடை. பயிற்சி நேரம் முடிந்தால் அம்மா வெறும் அம்மா. அப்போது டிக் வந்தாலும் பார்க்காததுபோல் இருந்துவிட வேண்டும். பையன் தானாகச் செய்தால் பாராட்டலாம், நினைவூட்டல் கிடையாது. பரிசு வைப்பதென்றால் பயிற்சிக்கு வையுங்கள், டிக் வராத நாளுக்கு வைக்காதீர்கள். டிக் வராததற்குப் பரிசு என்றால் மறைக்கக் கற்றுக்கொள்வான். நான் பார்த்த பாத்ரூம் குழந்தை வெறும் நினைவூட்டலுக்கே மறைக்கக் கற்றுக்கொண்டது.

அந்தப் பையனின் காலண்டர் தாளில் இரண்டாவது வாரம் எண்ணிக்கை குறையவில்லை. நான்காவது வாரத்தில் வீட்டுப்பாட நேரத்து எண்ணிக்கை பாதியானது. ஆறாவது வாரத்தில் சளி பிடித்துப் பரீட்சையும் சேர்ந்து திரும்ப ஏறியது, அம்மா அழுதார். டிக் தானாகவே ஏறி இறங்கும் தன்மை உடையது, அதனால் ஒரு வாரத்து ஏற்றத்தை வைத்துச் சிகிச்சை தோற்றது என்றும், ஒரு வாரத்து இறக்கத்தை வைத்து ஜெயித்தது என்றும் சொல்லக் கூடாது. இறங்கியதில் எத்தனை பங்கு பயிற்சியால், எத்தனை தானாக என்று அந்த ஒரு பையனை வைத்து என்னாலும் சொல்ல முடியாது. தொடக்கத்திலும் பத்தாவது வாரத்திலும் யேல் டிக் அளவுகோலைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பையனுக்குப் பத்தாவது வாரத்தில் கழுத்து டிக் இருந்தது, ஆனால் அவன் போட்ட மதிப்பெண் எட்டிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது. கண் சிமிட்டலை அவன் கடைசிவரை எடுக்க விரும்பவில்லை, விட்டுவிட்டோம்.

எது உறுதி என்று கேட்டால், 2010-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வைச் சொல்வேன். 9 முதல் 17 வயதுவரை 126 பிள்ளைகள், 10 வாரத்தில் 8 அமர்வுகள். சிபிட் பெற்றவர்களில் 100-க்கு ஏறக்குறைய 53 பேர் நன்றாக முன்னேறினார்கள், ஆதரவும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் 19 பேர் அளவுதான். அந்த 53-ஐப் பெற்றோரிடம் சொல்லும்போது மீதி 47-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அசைவு டிக்கோடு குரல் டிக்கும் சேர்ந்த டூரெட் இருந்தது என்பதையும் நாம் மனதில் வைக்க வேண்டும், உங்கள் பையன் மாதிரி அசைவு டிக் மட்டும் உள்ளவர்கள் அதில் குறைவு. அடக்கினால் பின்னால் பன்மடங்காகக் கிளம்பும், ஒன்றை நிறுத்தினால் வேறொன்று முளைக்கும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். ஆய்வுகள் அந்தப் பயத்துக்குத் துணை நிற்கவில்லை. இது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் ஒரே கருத்து இல்லை. உந்துதலைத் தாங்கித் தாங்கி அது பழகி மங்குகிறது என்பது பரவலான விளக்கம், ஆனால் முன்னுணர்வே சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்கும் குறைவதைப் பார்க்கிறோம். ஒன்பது வயதுக்குக் கீழே ஆதாரம் மெல்லியது. அந்த வயதில் நான் பெற்றோர் பகுதியைத்தான் அதிகம் செய்கிறேன்.

நம் கையை மீறிய இடங்களும் உண்டு. கழுத்து டிக் ரொம்ப வேகமானதாக இருந்து, பையன் கை கால் மரத்துப்போகிறது, பிடி தளர்கிறது, நடை தடுமாறுகிறது என்று சொன்னால் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். கடுமையான கழுத்து வெட்டல் தண்டுவடத்தைப் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அசைவின்போது நினைவு தப்பினாலோ, திடீரென்று ஒரே வாரத்தில் புதிய அசைவுகள் கொத்தாக வந்தாலோ அதையும் திரும்பக் காட்ட வேண்டும். கவனக்குறைவும் துறுதுறுப்பும் அதிகமாக இருக்கும் பிள்ளைக்கு அதைக் கவனிக்காமல் இந்தப் பயிற்சியை ஏற்றினால் தண்ணீரில் எழுதுகிற கதைதான். மருந்து ஓடிக்கொண்டிருந்தால் பயிற்சி பலிக்கிறது என்று பெற்றோர் தாங்களாகக் குறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்குக்குக் கொடுக்கும் குளோனிடின் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும்.

அடுத்த அமர்வில் நான் உங்கள் இடத்தில் இருந்தால், பையனை ஐந்து நிமிடம் வெளியே வரைய விட்டுவிட்டு அம்மாவிடம் முதலில் பேசுவேன். "இந்த ஒரு வாரம் நீங்க அவனுக்கு எதையும் ஞாபகப்படுத்த வேண்டாம்மா, எண்ணினா மட்டும் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். பல அம்மாக்கள் அந்த இடத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்கள். அந்த வாரம் பையனோடு பிடிக்கிற விளையாட்டு மட்டும், மாற்றுச் செயலுக்கு விடுமுறை. ஐந்தில் நான்கு வந்த பிறகு மாற்றுச் செயலைத் திரும்ப எடுங்கள், இந்த முறை அம்மாவும் அறைக்குள் இருக்கட்டும். அவன் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், அவர் அந்த ஒரு நிமிடம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்க்கட்டும். எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். வகுப்பு ஆசிரியரிடம் பேசுவதை, அவன் சரி என்று சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் அதை முடிவு செய்கிற உரிமை அவனுக்கு இருக்கிறது.